திடீர் கணைய அழற்சி: காரணம் என்ன, எவ்வளவு தீவிரம், எப்போது சாப்பிடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்றுவலி என்றுதான் மருத்துவமனைக்குப் போனோம். கணைய அழற்சி என்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். அவற்றில் இரண்டு பொருந்தினால் போதும். முதலாவது வலி: மேல் வயிற்றில் திடீரென்று ஆரம்பித்து, விடாமல் இருந்து, பலருக்கு முதுகு வரை பரவும். முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும், மல்லாந்து படுத்தால் கூடும். இரண்டாவது, கணையம் சுரக்கும் நொதிகளான லைப்பேஸ் அல்லது அமைலேஸ் இரத்தத்தில், அந்த ஆய்வகத்தின் உச்ச வரம்பைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருப்பது. மூன்றாவது, ஸ்கேனில் கணையம் வீங்கியிருப்பது தெரிவது.

வலியும் லைப்பேஸும் தெளிவாகப் பொருந்திவிட்டால், நோயை உறுதி செய்வதற்கென்று சி.டி. ஸ்கேன் தேவையில்லை. வலி தொடங்கி நாட்கள் கழித்து வருபவர்களுக்கு லைப்பேஸ் இறங்கியிருக்கலாம். அப்போதுதான் ஸ்கேன் கைகொடுக்கும்.

கணையத்துக்கு உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

கணையம் உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரக்கிறது. அவை கணையத்துக்குள் இருக்கும்வரை செயல்படாத வடிவில்தான் இருக்கும். சிறுகுடலுக்குப் போன பிறகே விழித்துக்கொள்ளும். ஏதோ ஒரு காரணத்தால் டிரிப்சின் என்ற நொதி கணையச் செல்லுக்குள்ளேயே விழித்துக்கொண்டால், அது மற்ற நொதிகளையும் எழுப்பிவிடும். கணையம் தன்னையே அரிக்க ஆரம்பிக்கும்.

நோயாளியை ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் இந்த அரிப்பு மட்டும் அல்ல. அதற்கு உடல் முழுவதும் காட்டும் எதிர்வினைதான் பெரிய பிரச்சினை. இரத்தக் குழாய்கள் கசியும், நீர் திசுக்களுக்குள் இறங்கும், இரத்தம் கெட்டியாகும், சிறுநீரகமும் நுரையீரலும் திணறும். தீவிரத்தைக் கணக்கிடும்போது மருத்துவர்கள் கணையத்தைவிட மூச்சு, நாடி, சிறுநீர் ஆகியவற்றையே அதிகம் பார்ப்பது இதனால்தான்.

எங்கள் வீட்டில் யாருக்கும் குடிப்பழக்கம் இல்லை. அப்புறம் எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் பலர் கேட்கிறார்கள். கணைய அழற்சி என்றாலே குடி என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது நியாயமில்லை. உலகின் பல பகுதிகளில் முதல் காரணம் பித்தப்பைக் கல்தான், மது அதற்கு அடுத்துத்தான் வரும். கல் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால், பெரிய கல் பித்தப்பையிலேயே கிடந்துவிடும். சில மில்லிமீட்டர் அளவுள்ள பொடிக்கற்கள்தான் நழுவி வந்து, பித்தக் குழாயும் கணையக் குழாயும் குடலில் சேரும் வாயிலில் சிக்கிக்கொள்கின்றன. பெரும்பாலும் அது தானாகவே நழுவிப் போய்விடும். ஆனால் அந்தச் சில மணி நேர அடைப்பே அழற்சியைத் தொடங்கிவைக்கப் போதும்.

எனவே யாருக்கு வந்தாலும் வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். கூடவே கல்லீரல் பரிசோதனையும் செய்வார்கள். அதில் முதல் நாளே ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி 150-ஐத் தாண்டியிருந்தால் கல்தான் காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். முதல் ஸ்கேனில் கல் தெரியவில்லை என்பதால் கல்லே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வலி நேரத்தில் குடலில் வாயு நிறைந்திருக்கும், பொடிக்கல் கண்ணுக்குத் தப்பிவிடும். சில நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லும் இல்லை, மதுவும் இல்லை என்றால் இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் கால்சியமும் பார்க்க வேண்டும். அசதியோபிரின், வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகளாலும் வரும். ஆகவே சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள். பித்தக் குழாயில் இ.ஆர்.சி.பி. என்ற எண்டோஸ்கோப்பிச் சிகிச்சை செய்த மறுநாள் வலி வந்தால், அந்தச் சிகிச்சையே காரணமாக இருக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு எந்தக் காரணமும் தென்படாவிட்டால், கணையத்தில் சிறு கட்டி ஏதும் குழாயை அடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பது அவசியம். சிறு வயதிலேயே திரும்பத் திரும்ப வந்தால் பரம்பரைக் காரணத்தை யோசிப்பார்கள்.

ட்ரைகிளிசரைடு 480 என்று வந்திருக்கிறது. அதுதான் காரணமா?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ட்ரைகிளிசரைடு 1,000 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அதைக் காரணமாக உறுதியாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டினி இருந்து, சலைன் ஏறினால் இந்த அளவு மளமளவென்று இறங்கிவிடும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் 480 என்றால், வந்த அன்று எவ்வளவு இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வந்தவுடன் எடுத்த முதல் இரத்த மாதிரியிலேயே இதைப் பார்த்திருந்தால்தான் பதில் நம்பகமானது. முதல் நாள் எடுத்த இரத்தத்தின் சீரம் பால்போல் கலங்கியிருந்தது என்று ஆய்வகம் குறித்திருந்தால் அதுவும் ஒரு தடயம்.

இந்தக் காரணத்தால் வந்தவர்களுக்குச் சாப்பாட்டு விதி மற்றவர்களைவிடக் கடுமையானது. ட்ரைகிளிசரைடு 1,000-க்குக் கீழே இறங்கும்வரை, உணவின் ஆற்றலில் கொழுப்பின் பங்கை 15 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். கீழே நான் சொல்லும் சாப்பாட்டு அளவுகள் கல், மது போன்ற காரணங்களால் வந்தவர்களுக்கானவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லைப்பேஸ் மூவாயிரம் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ரொம்ப ஆபத்தான நிலையா?

இல்லை. அந்த எண்ணுக்கும் ஆபத்துக்கும் தொடர்பு இல்லை. லைப்பேஸ் நோய் இருக்கிறதா என்று சொல்லும். நோய் எவ்வளவு மோசம் என்று சொல்லாது. மூவாயிரம் காட்டியவர் மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போவதும் உண்டு, முந்நூறு காட்டியவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் உண்டு.

தினமும் லைப்பேஸ் பார்க்கச் சொல்லிக் கேட்கும் குடும்பத்தினரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பதற்றம் புரிகிறது. ஆனால் அதனால் பயன் கிடையாது. அந்த எண் இன்னும் இறங்கவில்லையே என்று நோயாளியைப் பட்டினி போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அந்த இரத்தத்தை யூரியா, கிரியாட்டினின் பார்க்கப் பயன்படுத்தினால் நோயாளிக்கு உதவும்.

அப்படியானால் தீவிரத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

2012-ல் திருத்தி எழுதப்பட்ட அட்லாண்டா வகைப்பாடுதான் இன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் அடிப்படை ஒரே ஒரு கேள்வி: நுரையீரல், இதய இரத்த ஓட்டம், சிறுநீரகம் ஆகிய மூன்றில் ஏதாவது செயலிழந்ததா, இழந்தது என்றால் 48 மணி நேரத்துக்குள் மீண்டதா?

எதுவும் செயலிழக்கவில்லை, கணையத்தைச் சுற்றி நீர்க்கோப்போ திசு அழுகலோ இல்லை என்றால் லேசானது. நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த வகைதான். செயலிழப்பு வந்து 48 மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டது, அல்லது செயலிழப்பு இல்லாமல் கணையப் பகுதியில் மட்டும் சிக்கல் இருக்கிறது என்றால் நடுத்தரத் தீவிரம். 48 மணி நேரம் தாண்டியும் ஏதாவது ஒரு உறுப்பு மீளவில்லை என்றால் தீவிரம். உயிரிழப்பு அதிகமாக நடப்பது இந்தக் கடைசிப் பிரிவில்தான்.

இந்த வகைப்பாட்டின்படி முதல் நாளில் யாராலும் முடிவான பதில் சொல்ல முடியாது. மருத்துவர் "இரண்டு நாள் போகட்டும்" என்றால் அவர் நழுவுகிறார் என்று நினைக்க வேண்டாம். உண்மையிலேயே நேரம் போனால்தான் தெரியும்.

முதல் நாளில் செய்யக்கூடியது, யார் மோசமாகலாம் என்று ஊகிப்பது. அதற்கு எளிதான கணக்கு பைசாப் மதிப்பெண். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பி.யு.என். என்ற யூரியா நைட்ரஜன் 25-க்கு மேல் இருக்கிறதா? நினைவு குழம்பியிருக்கிறதா? உடல் தழுவிய அழற்சியின் அறிகுறிகள் உள்ளனவா? வயது 60-ஐத் தாண்டியதா? நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? மொத்தம் பூஜ்யம் என்றால் உயிரிழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மூன்றும் அதற்கு மேலும் என்றால் மிகுந்த கவனம் தேவை. ஐந்துக்கு ஐந்து என்றால் உயிரிழப்பு 20 சதவீதத்தைத் தாண்டுகிறது.

அந்த மூன்றாவது கேள்வியில் நான்கு அளவுகள் அடக்கம்: காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் அல்லது உடல் வெப்பம் 36-க்குக் கீழ், நாடி நிமிடத்துக்கு 90-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல், வெள்ளை அணுக்கள் 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ். இவற்றில் இரண்டு இருந்தால் ஒரு புள்ளி. இது 48 மணி நேரம் விடாமல் நீடித்தால் உறுப்புகள் செயலிழக்கும் அபாயம் கூடுகிறது.

இந்தக் கணக்கில் ஒரு தவறு சுலபமாக நடந்துவிடும். சில ஆய்வகங்கள் பி.யு.என். தருவதில்லை, மொத்த யூரியாவைத் தருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. யூரியாவை 2.14-ஆல் வகுத்தால்தான் பி.யு.என். கிடைக்கும். ரிப்போர்ட்டில் யூரியா 40 என்று பார்த்துவிட்டு 25-ஐத் தாண்டிவிட்டதே என்று பயப்படக் கூடாது, வகுத்தால் 19-தான். ஏறக்குறைய 54-ஐத் தாண்டினால்தான் அந்தப் புள்ளி சேரும்.

முதல் நாளே சி.டி. எடுத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்குமே?

தெரிந்திருக்காது. கணையத் திசுவின் எந்தப் பகுதிக்கு இரத்தம் போகவில்லை, எது அழுகப் போகிறது என்பது ஸ்கேனில் தெளிவாகத் தெரிய மூன்று நான்கு நாட்களாவது ஆகும். முதல் நாள் ஸ்கேன் "லேசான வீக்கம்" என்று சொல்லி உங்களைப் பொய்யாக நிம்மதிப்படுத்தலாம். வலிக்கு வேறு காரணம் இருக்குமோ, குடலில் ஓட்டையோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் முதல் நாளே எடுப்பது சரி. மற்றபடி நோயாளி தேறாமல் இருந்தால் மூன்றாம் நாளுக்குப் பின் எடுப்பார்கள்.

ஒரு நோயாளியின் முதல் இரண்டு நாள் எப்படிப் போகும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

விளக்குவதற்காக நான் அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு. 46 வயதுப் பெண், எடை 60 கிலோ. இரவு வலி தொடங்கி, ஆறு மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வருகிறார். லைப்பேஸ் 2,400, அந்த ஆய்வகத்தின் உச்ச வரம்பு 60. ஏ.எல்.டி. 260. அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் பொடிக்கற்கள், குழாய் விரியவில்லை. கண்ணில் மஞ்சள் இல்லை. ஆக, காரணம் கல்.

வந்தபோது நாடி 108, மூச்சு 22, வெப்பம் 37.6, வெள்ளை அணுக்கள் 14,000. நான்கில் மூன்று பொருந்துகின்றன, எனவே ஒரு புள்ளி. பி.யு.என். 28, அது இன்னொரு புள்ளி. வயது, நினைவு, நுரையீரல் மூன்றும் சரி. பைசாப் இரண்டு. கிரியாட்டினின் 1.3.

நீர் வற்றியிருப்பதால் கிலோவுக்கு 10 மில்லி என்று 600 மில்லி ரிங்கர் லாக்டேட்டை இரண்டு மணி நேரத்தில் ஏற்றி, அப்புறம் கிலோவுக்கு மணிக்கு 1.5 மில்லி, அதாவது மணிக்கு 90 மில்லி என்று தொடர்கிறார்கள். வலிக்குத் தாராளமாக மருந்து கொடுக்கிறார்கள். வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று யாராவது தயங்கினால் ஏற்க வேண்டாம். வலியோடு படுத்திருப்பவர் ஆழமாக மூச்சு விட மாட்டார், சாப்பிடவும் மாட்டார்.

24 மணி நேரத்தில் நாடி 94, மூச்சு 18, பி.யு.என். 19, கிரியாட்டினின் 0.9. சிறுநீர் மணிக்கு 40 மில்லிக்குக் குறையாமல் போகிறது. முதல் நாளில் பார்த்ததைவிட இந்த இறக்கம்தான் முக்கியமான செய்தி. பசிக்கிறது என்கிறார். வயிறு இன்னும் வலிக்கிறது, ஆனால் தாங்க முடிகிறது. 48 மணி நேரத்தில் எந்த உறுப்பும் செயலிழக்கவில்லை. லேசான வகை.

இதே பெண்ணுக்கு 24 மணி நேரத்தில் பி.யு.என். 28-லிருந்து 36 ஆகி, சிறுநீர் மணிக்கு 20 மில்லியாகக் குறைந்து, மூச்சு 28-ஆக ஏறி, ஆக்சிஜன் வைத்தால்தான் அளவு நிற்கிறது என்றிருந்தால் கதையே வேறு. வலி குறைந்திருந்தாலும் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியாக வேண்டும். வலி குறைவதை வைத்து ஏமாறக் கூடாது. உடன் இருப்பவர்கள் சிறுநீர்ப் பையையும் மூச்சின் வேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் பெரிய உதவி.

சலைன் நிறைய ஏற்றினால் சீக்கிரம் சரியாகுமா?

முன்பு அப்படித்தான் நம்பினார்கள். 2022-ல் வெளிவந்த 'வாட்டர்ஃபால்' என்ற ஆய்வு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. வேகமாக நிறைய ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடலில் நீர் மிகுந்து சிக்கலானது. மிதமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம் பேருக்குத்தான். நோயின் போக்கிலோ எந்த நன்மையும் இல்லை. அதனால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். பாட்டில் மெதுவாகச் சொட்டுகிறதே என்று நீங்களாக வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

கணையத்துக்கு ஓய்வு வேண்டும், ஒன்றும் கொடுக்காதீர்கள் என்கிறார்கள் பெரியவர்கள். சரியா?

மருத்துவர்களே பல பத்தாண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். சாப்பிட்டால் கணையம் சுரக்கும், சுரந்தால் புண் ஆறாது என்பது தர்க்கம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அழற்சியில் இருக்கும் கணையம் ஏற்கெனவே சரியாகச் சுரப்பதில்லை. பட்டினியால் அது ஆறவும் இல்லை.

கெட்டது இன்னொரு இடத்தில் நடந்தது: குடலில். குடலின் உட்சுவர் தனக்கு வேண்டிய ஊட்டத்தில் கணிசமான பங்கை, தன் வழியே போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நாட்கணக்கில் எதுவும் வராவிட்டால் அந்தச் சுவர் மெலியும், அதன் இடைவெளிகள் தளரும். குடலில் அடைபட்டிருந்த கிருமிகள் கசிந்து வெளியேறி, அழுகிய கணையத் திசுவில் போய்க் குடியேறும். இந்த நோயில் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தத் தொற்றுதான். ஆகவே வாய் வழியாகக் கொடுக்கும் உணவு, பசியைத் தீர்ப்பதோடு குடலின் வேலியையும் காக்கிறது.

சரி, எப்போது ஆரம்பிக்கலாம்? முதலில் என்ன கொடுப்பது?

லேசான வகையில், நோயாளிக்குப் பசித்து, வாந்தி நின்றிருந்தால் 24 மணி நேரத்துக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். வலி முழுவதும் போக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. லைப்பேஸ் இறங்க வேண்டும் என்றும் காத்திருக்கத் தேவையில்லை. பசி திரும்புவதே நல்ல அடையாளம்.

முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் தெளிந்த நீராகாரம், அப்புறம் கூழ், அப்புறம்தான் கெட்டி உணவு என்ற பழைய படிக்கட்டும் அவசியமில்லை. மென்மையான, கொழுப்பு குறைந்த திட உணவையே முதல் வேளைக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பாதகம் எதுவும் தெரியவில்லை. தெளிந்த நீராகாரத்தில் கிடைப்பதைவிட ஆற்றல் கூடக் கிடைத்தது. குழைய வேகவைத்த தானியம், மசித்த காய்கறி, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த பருப்பு அல்லது கொழுப்பு நீக்கிய புரத உணவு, இப்படி.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 25 கலோரி என்று வைத்தால் 1,500 கலோரி. புரதம் கிலோவுக்கு 1.2 கிராம், அதாவது 72 கிராம். கொழுப்பு மொத்த ஆற்றலில் 30 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 50 கிராமுக்குள். இதை முதல் நாளே எட்ட வேண்டும் என்பதில்லை. முதல் நாள் பாதி போனாலே நல்லது. இதை மூன்று பெரிய வேளைகளாகக் கொடுக்காமல் ஐந்து ஆறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். ஒரே வேளையில் கொழுப்பு குவியாமல் இருப்பது நாள் முழுக்க உள்ள மொத்தத்தைப் போலவே முக்கியம்.

நெடுநாள் குடித்தவர்களும், முன்பே மிக மெலிந்து போனவர்களும் மட்டும் மெதுவாகத் தொடங்க வேண்டும். அவர்களுக்குச் சட்டென்று மாவுச்சத்து ஏறினால் இரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். உணவுக்கு முன் தயமின் என்ற வைட்டமின் கொடுத்து, பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் பார்த்துக்கொண்டே கூட்டுவார்கள்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் மறுபடி வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?

வலி எப்படி வருகிறது என்று பாருங்கள். லேசாகக் கூடி, அரை மணி ஒரு மணி நேரத்தில் அடங்கினால் அடுத்த வேளையை இன்னும் சிறிதாக்கித் தொடரலாம். நம் பெண் முதல் வேளை முடித்ததும் வயிறு பிடித்துக்கொண்டது, குமட்டியது. ஆறு மணி நேரம் விட்டு, பாதி அளவு கொடுத்தார்கள், தங்கியது. இப்படித் தடுமாறி முன்னேறுவதுதான் வழக்கம்.

வலி முதல் நாள் போலவே பலமாகத் திரும்பி, வாந்தியும் வந்து, நாடி மறுபடி 100-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீர்க்கோப்பு குடலை அழுத்துகிறதா, இன்னொரு கல் நழுவியதா என்று பார்க்க வேண்டியிருக்கும். வலி இல்லாமல் வெறும் வயிற்று உப்புசம் மட்டும் என்றால், பெரும்பாலும் குடல் இன்னும் மந்தமாக இருக்கிறது என்று பொருள். வலி மருந்துகளும் குடலை மந்தமாக்கும். எழுந்து நடந்தால் சீக்கிரம் விலகும்.

மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்கிறார்கள். நிலைமை மோசமாகிவிட்டதா?

குழாய் என்றதும் எல்லோரும் பயந்துபோகிறார்கள். வாயால் போதிய அளவு சாப்பிட முடியவில்லை, ஆனால் குடல் வேலை செய்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

தீவிரமானவர்களுக்குக் கூட முதல் நாளே குழாய் போட வேண்டுமா என்று நெதர்லாந்தில் 'பைத்தான்' என்ற ஆய்வில் பார்த்தார்கள், 2014-ல் வெளிவந்தது. மோசமாகலாம் என்று கணிக்கப்பட்ட 208 பேர். ஒரு பாதிக்கு 24 மணி நேரத்துக்குள் குழாய்; மறுபாதிக்கு மூன்று நாள் கழித்து வாயால் உணவு, அது முடியாவிட்டால் மட்டும் குழாய். பெரிய தொற்றோ மரணமோ நேர்ந்தது முதல் பாதியில் 30 சதவீதம், இரண்டாவதில் 27 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அதைவிட எனக்கு மனதில் நிற்கும் எண் வேறு: காத்திருந்தவர்களில் 69 சதவீதம் பேருக்குக் குழாயே தேவைப்படவில்லை. ஆகவே மூன்று நான்கு நாள் வாயால் முயன்று பார்த்துவிட்டுக் குழாய்க்குப் போவது நியாயமான வழி. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது.

குழாய் முனை இரைப்பையில் இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். வாந்தி நிற்காதவருக்கும், வீங்கிய கணையம் இரைப்பையின் வாயிலை அழுத்துபவருக்கும் சிறுகுடல் வரை இறக்குவார்கள். மணிக்கு 20 முதல் 30 மில்லி என்று தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். இரத்தக் குழாய் வழியாக முழு ஊட்டம் ஏற்றுவது கடைசி வழி. குடல் வழி எதுவுமே ஒத்துவராதபோதுதான் அதற்குப் போக வேண்டும், ஏனென்றால் தொற்று அதில் அதிகம்.

குடலுக்கு நல்லது என்றால் ப்ரோபயாட்டிக் கொடுக்கலாமா?

தீவிர நிலையில் இருப்பவருக்குக் கொடுக்கவே வேண்டாம். நெதர்லாந்திலேயே நடந்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், ப்ரோபயாட்டிக் கொடுக்கப்பட்டவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாதவர்களில் 6 சதவீதம். நல்லெண்ணத்தில் வெளியிலிருந்து வாங்கி வந்து குழாயில் கலந்து கொடுப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

வலி போய்விட்டது, நன்றாகச் சாப்பிடுகிறார். பித்தப்பையை இப்போதே ஏன் எடுக்க வேண்டும்? ஒரு மாதம் கழித்துச் செய்யலாமே?

அந்த ஒரு மாதத்தில்தான் அடுத்த கல் நழுவுகிறது. அவர் சாப்பிட ஆரம்பித்ததும், உணவிலுள்ள கொழுப்பு பித்தப்பையைச் சுருங்கச் செய்யும். கல் மறுபடி வாயிலை நோக்கித் தள்ளப்படும். 2015-ல் வெளிவந்த 'போன்சோ' ஆய்வில், லேசான கணைய அழற்சியிலிருந்து மீண்டவர்களுக்கு வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்தபோது, ஆறு மாதத்துக்குள் கல் சம்பந்தமான சிக்கலால் திரும்ப வந்தவர்களும் இறந்தவர்களும் 5 சதவீதம். நான்கு வாரம் போல் தள்ளிப்போட்டவர்களில் 17 சதவீதம். நம் பெண்ணுக்கு நான்காம் நாள் அறுவை சிகிச்சை நடந்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கணையத்தைச் சுற்றி நீர்க்கோப்பும் அழுகலும் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவை அடங்கும்வரை, சில வாரங்கள் காத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை நாள் பத்தியம்?

லேசாக வந்து போனவருக்குச் சில வாரங்கள் கொழுப்பைக் குறைத்து, சிறு சிறு வேளைகளாகச் சாப்பிட்டால் போதும். அப்புறம் படிப்படியாக வழக்கமான சாப்பாட்டுக்கு வரலாம். ஆயுள் முழுக்க எண்ணெயே தொடக் கூடாது என்பதற்கு ஆதாரம் இல்லை. பயத்தில் அளவுக்கு மீறிக் குறைத்து எடையை இழப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ட்ரைகிளிசரைடு காரணமானவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடரும், மருந்தும் தொடரும்.

மது காரணம் என்றால் அளவைக் குறைப்பது போதாது, முழுவதும் நிறுத்த வேண்டும். காரணம் கல்லாகவே இருந்தாலும் சில மாதங்கள் மதுவைத் தொடாமல் இருப்பது நல்லது. புகைப்பதும் கணையத்தைத் தனியாகக் கெடுக்கிறது, மது இல்லாவிட்டாலும்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது. மலம் பிசுபிசுவென்று மிதக்கிறது. இது என்ன?

கணையம் போதிய நொதி சுரக்கவில்லை என்று தோன்றுகிறது. திசு அழுகிப் போனவர்களுக்கு இது அதிகம்; லேசாக வந்தவர்களுக்கும் சில காலம் இருக்கலாம். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதியின் அளவைப் பார்த்து உறுதி செய்வார்கள். மாத்திரையாக நொதி கொடுப்பார்கள். பெரிய வேளைக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைப்பேஸ், சிறு வேளைக்கு அதில் பாதி என்பது வழக்கமான தொடக்கம்.

இந்த மாத்திரை வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் சாப்பிடும் நேரம். வெறும் வயிற்றில் போட்டாலும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டாலும் பயன் இல்லை. உணவோடு உணவாகக் கலந்து போக வேண்டும், முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று. உணவிலிருந்து கொழுப்பை இன்னும் குறைப்பது இதற்குத் தீர்வு அல்ல. எடை இன்னும்தான் இறங்கும்.

கூடவே சர்க்கரையையும் பாருங்கள். இன்சுலின் சுரப்பதும் இதே உறுப்புதான். தாகம், அடிக்கடி சிறுநீர் என்று எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறையும் சர்க்கரை அளவைப் பார்ப்பது நல்லது.

வீட்டுக்கு வந்தபின் எதைப் பார்த்தால் உடனே திரும்பப் போக வேண்டும்?

வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்து வரும் காய்ச்சலை அலட்சியப்படுத்தாதீர்கள். அழுகிய திசுவில் தொற்று சேர்வது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்து, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தால் நீர்க்கோப்பு பெரிதாகி இரைப்பையை அழுத்தக்கூடும். கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்நிறமாகி, குளிர்காய்ச்சல் வந்தால் பித்தக் குழாயில் கல் அடைத்திருக்கலாம். அதற்கு விடியும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம், இரவே கிளம்புங்கள்.